சட்டாம்பிள்ளை சுற்றிவந்த உலகம்

காலை ஒன்பதரை மணி. ஈராசிரியர் பள்ளி. தலைமையாசிரியர் நான்காம், ஐந்தாம் வகுப்புகளை ஓர் அறைக்கு அழைத்துப்போய்விட்டார். அடுத்த அறையில் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகள் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. அவற்றுக்கு ஒரே ஒரு டீச்சர். கணக்குப் பாடத்தில் இன்று அளவு. ஒன்றாம் வகுப்புக்கு எது நீளம், எது குட்டை என்று சொல்லித்தர வேண்டும். இரண்டாம் வகுப்புக்குச் சாணும் முழமும். மூன்றாம் வகுப்புக்கு ஸ்கேலும் சென்டிமீட்டரும். எந்த வகுப்பின் பக்கம் அவர் திரும்பினாலும் மற்ற இரண்டு வகுப்புக்கும் அவருடைய முதுகுதான் தெரியும்.

அந்த நேரத்தில் முதுகுப் பக்கம் இருக்கும் இரண்டு வகுப்பும் என்ன செய்யும்? பல வகுப்புகளுக்குச் சேர்த்துப் பாடம் திட்டமிடுவது என்பது கடைசியில் இந்த ஒரு கேள்விதான். பயிற்சி நாள்களில் இதைப் புதுமை என்று அறிமுகப்படுத்துவார்கள். உண்மையில் இதற்குக் கிடைத்த பதில்கள் கப்பலேறி லண்டன் போய், நியூயார்க் போய், கராகஸ் வரை போய், மறுபடியும் நம் ஊருக்கே வந்து சேர்ந்தவை.

1623இல் பியெத்ரோ தெல்லா வாலே என்ற இத்தாலியப் பயணி இன்றைய கர்நாடகத்தில் இக்கேரிக்குப் போய்க்கொண்டிருந்தார். வழியில் ஒரு கோயில் முன்மண்டபத்தில் இளைப்பாறியபோது நான்கு சிறுவர்கள் கண்ணில் பட்டார்கள். தரையில் மெல்லிய மணலைப் பரப்பியிருந்தார்கள். ஒருவன் ராகம் போட்டு எண்ணைப் பாட, அதை மற்றவர்களும் திருப்பிப் பாடி, விரலால் மணலில் எழுதினார்கள். மணல் நிரம்பியதும் அழித்துவிட்டுப் புதிதாகத் தூவிக்கொண்டார்கள். பக்கத்தில் ஆசிரியர் யாரும் இல்லை. மறந்துபோனால் யார் திருத்துவார்கள் என்று கேட்டார் தெல்லா வாலே. நான்கு பேருக்கும் ஒரே இடம் எப்படி மறக்கும் என்று அவரிடமே திருப்பிக் கேட்டார்கள் சிறுவர்கள். பயணக் கடிதத்தில் அவர் இதை வியந்து எழுதிவைத்தார்.

நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை. அங்கே வகுப்பு என்ற பிரிவே கிடையாது. ஐந்து வயதுப் பையன் மணலில் அரிச்சுவடி எழுதுவான். அவனுக்குப் பக்கத்திலேயே பன்னிரண்டு வயதுக்காரன் எண்சுவடியில் மாகாணியும் காணியும் ஒப்பிப்பான். வாத்தியார் ஒருவர். அவர் ஒருவனுக்குப் பாடம் சொல்லும்போது மற்றவர்களைப் பார்த்துக்கொள்ளச் சட்டாம்பிள்ளை இருந்தான். பெரிய மாணவர்களில் ஒருவனான அவன் சின்னவர்களின் கையைப் பிடித்து எழுதவைப்பான், பாடம் கேட்பான், அதட்டுவான். முதுகுப் பக்கத்துக்குக் கிடைத்த முதல் பதில் இதுதான்: இன்னொரு பிள்ளை.

இந்தப் பதில் கப்பலேறியது தற்செயலாகத்தான். ஆண்ட்ரு பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1787இல் மதராசில் வந்து இறங்கினார். கல்கத்தா போகவே புறப்பட்டவர், இங்கேயே தங்கிவிட்டார். 1789இல் எழும்பூரில், ஐரோப்பியச் சிப்பாய்களின் அநாதைப் பையன்களுக்காகத் தொடங்கிய விடுதிப் பள்ளி அவர் பொறுப்புக்கு வந்தது. உதவி ஆசிரியர்களிடம் ஒழுங்கும் இல்லை, ஆர்வமும் இல்லை. அகரவரிசை கற்பிப்பதற்கே மாதக்கணக்கில் இழுத்தார்கள். ஒருநாள் காலையில் குதிரையில் போகும்போது ஒரு 'மலபார்' பள்ளியில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதுவதைப் பெல் பார்த்தார். அக்கால ஆங்கிலேயர் தமிழர்களை மலபார்கள் என்றுதான் சொல்வார்கள். வீடு திரும்பியதும், கீழ்வகுப்பில் மணலைக் கொண்டு கற்பிக்கும்படி உதவி ஆசிரியருக்கு உத்தரவிட்டார்.

அவர் முடியாது என்றார். இந்த மறுப்புதான் வரலாற்றைத் திருப்பியது. பெல் வேறு ஆசிரியரைத் தேடவில்லை. ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு அந்த வகுப்பை அவன் கையில் கொடுத்தார். சிப்பாய் மகனான ஃப்ரிஸ்கன், பெரியவர்களால் ஆகாததைச் செய்துகாட்டினான். விரைவிலேயே பள்ளி முழுவதும் பிள்ளைகளை வைத்தே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஏற்பாடு வந்துவிட்டது. பெல் 1796இல் ஊர் திரும்பி, மறு ஆண்டே லண்டனில் இதை ஒரு சிறு நூலாக வெளியிட்டார். முறைக்கு 'மதராஸ் முறை' என்ற பெயர் நிலைத்தது. சட்டாம்பிள்ளைக்கு 'மானிட்டர்' என்ற பெயர் வந்தது.

சட்டாம்பிள்ளையைப் பெல் திண்ணையில் பார்த்து எடுத்துக்கொண்டாரா, மணலை மட்டும் பார்த்துவிட்டு மீதியைத் தாமே கண்டுபிடித்தாரா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் அந்தக் காலத்திலேயே பெல்லாரி கலெக்டராக இருந்த கேம்ப்பெல் தமக்குள் தீர்ப்பு எழுதிவிட்டார். 1823இல் அரசுக்கு அனுப்பிய அறிக்கையில், முன்னேறிய மாணவன் பின்தங்கியவனுக்குச் சொல்லித்தரும் உள்ளூர் முறையைப் பாராட்டி, இங்கிலாந்து இதைப் பார்த்து நகல் எடுத்தது சரிதான் என்று குறிப்பிட்டிருக்கிறார்.

நகலுக்கும் நகல் வந்தது. 1798இல் லண்டன் பரோ சாலையில் ஜோசப் லங்காஸ்டர் என்ற இருபது வயது இளைஞர் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தார். கூட்டம் சேர்ந்தது, சம்பளம் கொடுக்கப் பணமில்லை. பத்துப் பையன்களுக்கு ஒரு மானிட்டர் என்று கணக்குப் போட்டார். ஆயிரம் பிள்ளைகளுக்கும் ஓர் ஆசிரியர் போதும் என்று பேசத் தொடங்கினார். முதல் நூலில் பெல்லுக்கு நன்றி சொன்னவர்தான். பிறகு இருவரின் ஆதரவாளர்களும், யார் முதலில் என்று ஆண்டுக்கணக்கில் சண்டை போட்டார்கள். லங்காஸ்டர் குவேக்கர், பெல் அரசுத் திருச்சபைக்காரர். ஆகவே மணலில் எழுதிய விஷயம் மதச் சண்டையாகவும் ஆயிற்று.

அந்தச் சண்டையைவிட எனக்கு லங்காஸ்டரின் கஞ்சத்தனம்தான் பிடித்திருக்கிறது. பிள்ளைக்கு ஒரு புத்தகம் வாங்கக் கட்டுப்படியாகாது. எனவே ஒரே புத்தகத்தின் பக்கங்களைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, அட்டையில் ஒட்டிச் சுவரில் மாட்டினார். பத்துப் பையன்கள் அரைவட்டமாக நின்று அதைப் படிப்பார்கள். முடிந்ததும் அடுத்த அட்டைக்கு நகர்வார்கள். ஒரு புத்தகத்தில் ஒரு பள்ளியே படித்தது. பிள்ளையின் இடத்தில் காகிதம் உட்கார முடியும் என்பதற்கு இது முதல் அடையாளம். அன்று அதை யாரும் அப்படிப் பார்க்கவில்லை.

முறை பரவிய வேகம் மலைப்பானது. 1806இல் நியூயார்க்கில் லங்காஸ்டர் பாணிப் பள்ளி திறந்தது. 1820களில் கொலம்பியாவின் ஆட்சித் தலைவர்களில் ஒருவரான சாந்தாந்தேர் இந்த முறையில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகளுக்கு ஆணையிட்டார். கடனில் மூழ்கிய லங்காஸ்டர், விடுதலைத் தலைவர் பொலிவாரின் ஆதரவை நம்பிக் கராகஸ் போய், பணத் தகராறில் அங்கிருந்தும் கிளம்பினார். 1838இல் நியூயார்க் தெருவில் குதிரைவண்டி மோதி இறந்தார். பெல்லின் கதை வேறு. அவர் செல்வராக இறந்து வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கமானார். அவர் பணத்தில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் எழுந்த பள்ளிக்கு இன்றும் 'மெட்ராஸ் காலேஜ்' என்றே பெயர். நாம்தான் ஊர்ப் பெயரை மாற்றிக்கொண்டோம்.

பிறகு இந்த முறை சரிந்தது. மானிட்டருக்குத் தெரிந்தது அவன் நேற்று மனப்பாடம் செய்தது மட்டும்தான். பிள்ளை தப்பாகச் சொன்னால் தப்பு என்பான், ஏன் தப்பு என்று சொல்ல அவனுக்குத் தெரியாது. இதற்குள் வேறொரு யோசனை செல்வாக்குப் பெற்றது. பிரஷ்யாவைப் பார்த்துவந்த அமெரிக்கர்கள், வயதுக்கு ஒரு வகுப்பு, வகுப்புக்கு ஓர் அறை, அறைக்கு ஓர் ஆசிரியர் என்றார்கள். 1840களின் கடைசியில் பாஸ்டனில் குவின்சி பள்ளி 12 வகுப்பறைகளுடன் அப்படியே எழுந்தது. இன்று உலகம் 'பள்ளிக்கூடம்' என்றதும் நினைப்பது இந்த அச்சைத்தான். பாடநூல், தேர்வு, பாடவேளை அட்டவணை எல்லாம் அந்த அச்சுக்கே தைக்கப்பட்டவை. அந்த நாளிலிருந்து, மூன்று வகுப்பு ஓர் அறையில் இருப்பது ஒரு முறையாக இல்லாமல் குறையாக மாறிவிட்டது. ஆனால் மலையிலும் காட்டிலும் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஐந்து ஆசிரியரை யாரும் அனுப்பப்போவதில்லை. குறை அங்கேயே இருந்தது, அதற்கான கருவி மட்டும் மறந்துபோயிற்று.

மறுபடியும் கதவு திறந்தது கொலம்பியாவில். லங்காஸ்டர் முறைக்கு ஆணை பிறந்து ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1970களின் நடுவில், ஓராசிரியர் பள்ளியில் பாடம் நடத்திய ஆஸ்கர் மொகொயோனும் விக்கி கோல்பெர்ட்டும் 'எஸ்குவேலா நுவேவா', அதாவது புதிய பள்ளி, என்ற முறையை வடித்தார்கள். அதன் மையம் கற்றல் கையேடு. ஆசிரியரிடம் கேட்காமலே பிள்ளை படித்து, செய்து, நண்பனோடு பேசிச் சரிபார்க்கும்படி எழுதிய பயிற்சி நூல் அது. சட்டாம்பிள்ளையின் வேலையில் பாதியைக் காகிதம் வாங்கிக்கொண்டது.

நம் பக்கத்தில் இதே வேலை 1980களின் கடைசியில் மதனப்பள்ளிக்கு அருகே நடந்தது. ரிஷி வேலி பள்ளியைச் சுற்றியிருந்த சிற்றூர்களின் ஓராசிரியர் பள்ளிகளுக்காக பத்மநாப ராவ், ராமா தம்பதி பாடப்புத்தகத்தைத் துண்டுதுண்டாக வெட்டினார்கள். ஒரு துண்டுக்கு ஓர் அட்டை. அட்டைகளின் வரிசையை ஏணிப்படியாகச் சுவரில் வரைந்தார்கள். படியில் ஒரு சின்னம் இருக்கும், அதே சின்னம் அட்டையிலும் இருக்கும். எழுதப்படிக்கத் தெரியாத பிள்ளையும் தன் சின்னத்தைப் பார்த்துத் தன் அட்டையை எடுத்துக்கொள்ளலாம். பத்து நாள் ஆடு மேய்க்கப் போய்விட்டு வந்தாலும் விட்ட படியிலிருந்து ஏறலாம்.

2003இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம். பி. விஜயகுமார் இந்த ஏணியை 13 மாநகராட்சிப் பள்ளிகளில் நிறுத்தினார். நான்கைந்து ஆண்டுகளில் 'செயல்வழிக் கற்றல்' என்ற பெயரில் தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப்பள்ளிகள் முழுவதும் பாய் விரித்து உட்கார்ந்தன. பிள்ளை எட்டும் உயரத்தில் கரும்பலகை வந்தது. ஆசிரியரின் முழு உதவி தேவைப்படும் குழு, பாதி உதவி போதுமான குழு, நண்பன் உதவும் குழு, தானே செய்யும் குழு என்று பிள்ளைகள் அட்டைக்கு ஏற்ப இடம் மாறினார்கள். எழும்பூரிலிருந்து கப்பலேறிய யோசனை, இருநூறு ஆண்டு கழித்து அட்டையாக மாறி அதே ஊருக்குத் திரும்பிவந்தது.

அட்டைக்கும் ஒரு வியாதி உண்டு. முப்பது பிள்ளைகள் முப்பது படியில் நின்றால், ஒரு புதிய கருத்தை எல்லாரையும் கூட்டிவைத்துச் சொல்ல முடியாது. ஓர் அட்டை தொலைந்தால் ஏணியில் ஒரு படி உடைந்த மாதிரி. 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' முப்பது படிகளை மூன்றாகச் சுருக்கி அரும்பு, மொட்டு, மலர் என்று பெயர் வைத்தது. என் கணிப்பில் அது சரியான எண். ஒரு மணி நேரத்தில் ஓர் ஆசிரியரால் மூன்று இடத்தில் உட்கார முடியும், ஏழு இடத்தில் முடியாது.

இனி அந்தக் காலை ஒன்பதரை மணிக்குத் திரும்புவோம். கையில் 60 நிமிடம். இத்தனை நூற்றாண்டுச் சரக்கில் எதை எடுத்துக்கொள்வது?

முதல் 10 நிமிடம் மூன்று வகுப்பும் ஒன்றாக. மேசையைச் சாணால் அளக்கச் சொல்லலாம். மேசை 120 செ.மீ. என்று வையுங்கள். டீச்சரின் சாண் 20 செ.மீ., அவருக்கு 6 சாண் வரும். மூன்றாம் வகுப்புப் பையனின் சாண் 15 செ.மீ., அவனுக்கு 8. ஒன்றாம் வகுப்புச் சிறுமியின் சாண் 12 செ.மீ., அவளுக்கு 10. மேசை ஒன்று, விடை மூன்று. அறையில் சத்தம் எழும், எழட்டும். வெவ்வேறு அளவுக் கைகள் ஓர் அறையில் இருப்பதால்தான் இந்த மூன்று விடையும் இவ்வளவு பளிச்சென்று கிடைத்தன. இந்தப் பத்து நிமிடத்துக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. சாணால் அளப்பது எப்படி என்று இரண்டாம் வகுப்பு பார்த்துவிட்டது. இனி அவர்களுக்குத் தனியாக விளக்க வேண்டாம், உடனே வேலை கொடுத்துவிடலாம்.

அடுத்த 2 நிமிடத்தில் வேலை பிரிப்பு. இரண்டாம் வகுப்பு இரண்டிரண்டு பேராக ஜன்னல், பெஞ்சு, கரும்பலகை, பாய் ஆகிய நான்கையும் அளந்து, இருவர் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதும். மூன்றாம் வகுப்பு நேற்றைய கழித்தல் அட்டையைச் செய்யும். அது புதிய பாடமாக இருக்கக் கூடாது, ஏனென்றால் டீச்சர் இன்னும் அவர்களிடம் வரவில்லை. ஒன்றாம் வகுப்பிடம் தென்னை ஈர்க்குக் கட்டு. ஒரு கட்டில் வெவ்வேறு நீளத்தில் 5 ஈர்க்கு. ஈர்க்கின் அடியைத் தரையில் சமமாக வைக்காமல் ஒப்பிடக் கூடாது என்பதுதான் அவர்களுக்கு இன்றைய பாடம்.

இங்கேதான் பெரும்பாலான திட்டங்கள் கவிழும். கையெழுத்துக்கு அழகாக, குழுவுக்கு 12 நிமிடம் என்று எழுதுவோம். முதலில் ஒன்றாம் வகுப்பு, பிறகு மூன்று, பிறகு இரண்டு. கூட்டிப் பார்த்தால் ஒன்றாம் வகுப்பு 24 நிமிடம் தனியாக இருக்கும். ஐந்து ஈர்க்கை அடுக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. மீதி நேரத்தில் ஈர்க்கு வாளாக மாறும். டீச்சர் மூன்றாம் வகுப்பை விட்டு எழுந்து ஓடுவார், மூன்றாம் வகுப்பின் பாடம் அறுந்துபோகும். மூன்று வகுப்புக்கும் சம நேரம் என்பது நியாயமாகத் தோன்றும் தவறு.

ஆகவே சின்னவர்களின் நேரத்தை இரண்டாக உடைக்க வேண்டும். 12ஆம் நிமிடத்திலிருந்து 19 வரை ஒன்றாம் வகுப்பு. 19லிருந்து 32 வரை மூன்றாம் வகுப்பு. 32லிருந்து 37 வரை மறுபடியும் ஒன்றாம் வகுப்பு. 37லிருந்து 48 வரை இரண்டாம் வகுப்பு. கடைசி 12 நிமிடம் எல்லாரும் சேர்ந்து. இப்படிச் செய்தால் ஒன்றாம் வகுப்பு ஒரு தடவை 13 நிமிடமும் ஒரு தடவை 11 நிமிடமும்தான் தனியாக இருக்கும். முதல் தடவைக்கு இரண்டாவது ஈர்க்குக் கட்டு, இரண்டாம் தடவைக்குத் தரையில் சாக்பீஸால் நீளக்கோடு, குட்டைக்கோடு வரைதல். நெடுநேரம் தனியாக இருப்பது இரண்டாம் வகுப்பு, 25 நிமிடம். அவர்களுக்கு நான்கு பொருள், இரண்டு கைகள், எழுத ஒரு கட்டம் என்று வேலை நிறைய இருக்கிறது. சீக்கிரம் முடித்தவர்கள் அதையே முழத்தால் அளக்கட்டும்.

மூன்றாம் வகுப்போடு இருக்கும் 13 நிமிடத்தில் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: அளவு பூஜ்யத்தில் தொடங்கும். மரஸ்கேலில் பூஜ்யக் கோடு விளிம்பில் இல்லாமல் சற்று உள்ளே தள்ளி இருக்கும். பிள்ளைகள் விளிம்பிலிருந்தோ 1லிருந்தோ வைப்பார்கள். அதன் பிறகு 16 நிமிடம் அவர்கள் தனியே ஐந்து ஈர்க்குகளை அளக்க வேண்டும். அட்டையின் பின்புறம் விடைகள் இருக்கும். விடை 9 என்று இருக்க, பையனுக்கு 10 வருகிறது. அடுத்ததில் 6க்குப் பதில் 7. எல்லாமே ஒன்று கூடுதலாக வந்தால் அவன் 1லிருந்து அளக்கிறான். அட்டையின் கீழே அதை ஒரு வரியில் எழுதிவைக்கலாம்: "எல்லாம் 1 கூடுதலா? ஸ்கேலை எங்கே வைத்தாய் என்று பார்." மானிட்டரால் சொல்ல முடியாமல்போன அந்த 'ஏன்' இப்போது அட்டையிடம் இருக்கிறது. விடை மட்டும் உள்ள அட்டை வெறும் சட்டாம்பிள்ளைதான்.

சட்டாம்பிள்ளையை அடியோடு விடவும் வேண்டாம். ஆனால் மூன்றாம் வகுப்புக் கெட்டிக்காரப் பெண்ணை ஒன்றாம் வகுப்பிடம் அனுப்பினால் என்ன நடக்கும் என்று பாருங்கள். ஈர்க்குகளை அவளே அடுக்கிக் கொடுத்துவிடுவாள். சின்னவர்கள் கைகட்டிப் பார்ப்பார்கள், அவளுடைய சொந்தப் பாடமும் போகும். அனுப்புவதானால் ஒரு நிபந்தனையோடு அனுப்ப வேண்டும். அவள் ஈர்க்கைத் தொடக் கூடாது, 'அடி சமமா இருக்கா?' என்று கேட்க மட்டும் செய்யலாம். அதுவும் ஐந்து நிமிடத்துக்குத்தான்.

இரண்டாம் வகுப்போடு உட்காரும்போது அவர்களுடைய கட்டம் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். ஒரே ஜன்னலுக்கு ஏன் இரண்டு எண் என்று கேட்டால் போதும், பதில் அவர்களிடமே இருக்கிறது. கடைசி 12 நிமிடத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை தன் கட்டில் மிக நீளமான ஈர்க்கை எடுத்துத் தரும். இரண்டாம் வகுப்பில் இருவர் அதைச் சாணால் அளந்து இரண்டு விடை சொல்வார்கள். மூன்றாம் வகுப்பில் இருவர் ஸ்கேலால் அளந்து ஒரே விடை சொல்வார்கள். ஸ்கேல் எதற்கு என்று டீச்சர் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

திட்டம் பலிக்கிறதா என்பதை இருபதாவது நிமிடத்திலேயே கண்டுபிடிக்கலாம். டீச்சரின் நாற்காலிக்குப் பக்கத்தில் நோட்டோடு வரிசை நிற்கிறதா என்று பாருங்கள். "டீச்சர், சரியா?", "டீச்சர், அடுத்து என்ன?" இந்த இரண்டு கேள்விக்காகத்தான் வரிசை நிற்கும். முதல் கேள்வி வந்தால் அட்டையில் விடை இல்லை என்று பொருள். இரண்டாவது வந்தால் கொடுத்த வேலை போதவில்லை என்று பொருள். எத்தனை கவனமாகத் திட்டமிட்டாலும் முதல் வாரம் வரிசை நிற்கத்தான் செய்யும். டீச்சரிடம் வருவதற்கு முன் பக்கத்துப் பிள்ளையிடமும் அட்டையிடமும் கேட்டுவிட்டு வர வேண்டும் என்ற பழக்கம் படிய நாளாகும். இந்த மாதிரி ஒரு பாடத்துக்கு அட்டையும் ஈர்க்கும் தயார்செய்ய ஒரு மாலை முழுவதும் பிடிக்கும் என்பதையும் மறைக்க வேண்டாம். எல்லாப் பாடத்துக்கும் தினமும் இது ஆகாது. வாரத்துக்கு இரண்டு பாடம் செய்து, அட்டைகளை அட்டைப்பெட்டியில் பத்திரப்படுத்தினால் அடுத்த ஆண்டு பாதி வேலை மிச்சம்.

நாளைக்கு மூன்று வகுப்பைச் சேர்த்து எடுக்கப்போகிற டீச்சர் இதைப் படித்துக்கொண்டிருந்தால் ஒரே ஒரு வேண்டுகோள். பாடக்குறிப்பை எழுதி முடித்ததும், நீங்கள் பேசும் நிமிடங்களைக் கணக்குப் பார்க்காதீர்கள். உங்கள் முதுகுப் பக்கம் ஒன்றாம் வகுப்பு தொடர்ந்து உட்கார்ந்திருக்கும் நிமிடங்களை எண்ணிப் பாருங்கள். அது 15ஐத் தாண்டினால் குறிப்பைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். ஈர்க்கை இரண்டு கட்டாகக் கட்டி வைத்துக்கொள்ளுங்கள்.